ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு லாக் நட்

நேற்று மாலை ஆறரை மணிக்கு அந்த நட் கையோடு வந்தது. சிங்க்கின் வடிதுளையில் உட்காரும் சல்லடைக் குடுவையான ஸ்ட்ரெய்னரை அடியிலிருந்து இறுக்கிப் பிடிக்கும் நட் அது. முந்தைய நாள் காலை பத்து மணிக்குத் தொடங்கிய வேலை. இத்தனைக்கும், கசிவுக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்தான் ஆனது. புதிய ஸ்ட்ரெய்னரைப் பொருத்த நாற்பது நிமிடம். மீதி எல்லாமே பழைய நட்டைக் கழற்றியதற்குப் போன நேரம். இன்னொருவருக்கு இதே நிலை வந்தால் பாதி நேரமாவது மிச்சமாகட்டும் என்று, மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் கசிவு. சிங்க்குக்குக் கீழே வைத்திருந்த வாளியின் மூடியில் தினமும் ஒரு சிறு குட்டை தேங்கியது. குழாய் இணைப்புகளை எல்லாம் துடைத்து, ஒவ்வொன்றின் மேலும் டிஷ்யூ காகிதம் சுற்றி, சிங்க்கில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்திப் பார்த்தேன். இணைப்புகளில் சுற்றியவை காய்ந்தே இருந்தன. ஸ்ட்ரெய்னரின் பெரிய நட்டுக்கு மேலே, சிங்க்கின் அடித்தகட்டை ஒட்டிய காகிதம் மட்டும் நனைந்தது. அப்படியானால் ஸ்ட்ரெய்னரின் மேல் விளிம்புக்கு அடியில் வைத்த பட்டி, அதாவது களிமண் போன்ற அடைப்புப் பசை, காய்ந்து வெடித்திருக்கிறது, அல்லது ரப்பர் கேஸ்கெட் உயிர்விட்டிருக்கிறது. எதுவானாலும் ஸ்ட்ரெய்னரை வெளியே எடுத்தாக வேண்டும். அதை எடுக்க அந்த நட் கழன்றாக வேண்டும்.

வேலை செய்யும் இடத்தை அளந்தேன். அலமாரித் திறப்பின் அகலம் 42 செ.மீ. அலமாரித் தரையிலிருந்து சிங்க்கின் அடிப்பகுதி வரை 46 செ.மீ. நட்டின் பின்விளிம்பிலிருந்து சுவருக்கு 9 செ.மீ. இடப்பக்கம் இரண்டாவது தொட்டியின் சுவருக்கு 4 செ.மீ. வலப்பக்கம்தான் கொஞ்சம் தாராளம், 20 செ.மீ. இந்த அளவுகளைக் காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். பின்னால் எந்தக் கருவி உள்ளே திரும்பும், எது திரும்பாது என்று முடிவெடுக்க அந்தக் காகிதம்தான் உதவியது.

கீழே உள்ள வளைகுழாயையும் அதற்கு மேலிருந்த நேர்குழாயையும் கழற்றினேன். அவை பிளாஸ்டிக் நட்டுகள், கையாலேயே வந்துவிட்டன. வளைகுழாயில் தேங்கியிருக்கும் தண்ணீருக்கு வாளி வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தெரியும் குழாய்வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் வரும், சிறு பொருள் ஏதாவது உள்ளே விழவும் கூடும். அடுத்து அலமாரிக் கதவு இரண்டையும் கீலிலிருந்து கழற்றி வைத்தேன். பத்து நிமிட வேலைதான். ஆனால் தோளைத் திருப்ப இடம் கிடைத்தது அதனால்தான். அலமாரியின் முன்விளிம்பு முதுகில் அறுக்காமல் இருக்க, அதே உயரத்துக்கு வெளியே ஒரு பலகையைப் போட்டு மேலே போர்வையை மடித்து விரித்தேன். இவ்வளவையும் செய்த பிறகுதான் நட்டை முழுதாகப் பார்க்க முடிந்தது.

பார்த்தவுடனே மனம் கொஞ்சம் கலங்கியது. அது துத்தநாகக் கலவையில் வார்த்த நட். ஸ்ட்ரெய்னர் துருப்பிடிக்காத எஃகு. இந்த இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒட்டியே கிடந்தால் துத்தநாகம்தான் அரிக்கப்படும். அரித்த இடமெல்லாம் வெள்ளைப் பொடியாகிப் பிறகு சிமென்ட் போல இறுகிவிடும். மரையின் கீழ் விளிம்பு முழுவதும் அந்த வெள்ளைப் படிவம் தடித்திருந்தது. திருப்புளி முனையால் சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிர்ந்தது, ஆனால் மரைக்குள் இருந்ததைத் தொடவே முடியவில்லை. நட்டின் வெளிவிட்டம் 96 மி.மீ. சுற்றிலும் ஆறு காதுகள், சுத்தியலால் தட்டித் திருப்புவதற்கென்றே நீட்டிக்கொண்டிருப்பவை.

என்னிடம் இருந்த வாட்டர் பம்ப் பிளையரின் வாய் 50 மி.மீ. வரைதான் திறக்கும். இதற்கேற்ற பெரியது ஒன்று இருந்திருந்தாலும் அதன் கைப்பிடி நீளத்துக்கு அந்த இடத்தில் சுழல வழியே இல்லை. கதவில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து ரெஞ்ச் வழியை அங்கேயே விட்டுவிட்டேன்.

அடுத்தது தட்டிக் கழற்றுவது. சுத்தியலை உள்ளே கொண்டுபோய் வீச முடியாது. அதனால் 12 மி.மீ. கனமும் 60 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு இரும்புக் கம்பியை எடுத்தேன். கம்பியின் ஒரு முனை நட்டின் காதில், மறுமுனை அலமாரிக்கு வெளியே. சுத்தியல் வேலை செய்வது முழுக்க வெளியே, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கையை ஓங்கலாம். இந்த யோசனை சரியானது. நான் தவறியது திசையில்.

திசையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் முக்கால் மணி நேரம் இழந்தது இங்கேதான். சாதாரண மரை இது. கீழிருந்து நட்டைப் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கழலும். அதையே சிங்க்குக்கு மேலே நின்று கற்பனை செய்தால் கடிகார முள் திசை. சிங்க்கைப் பார்த்து நிற்பவருக்கு, நட்டின் இடப்பக்கக் காதைப் பின்சுவரை நோக்கித் தள்ளினால் கழலும், வலப்பக்கக் காதைப் பின்சுவரை நோக்கித் தள்ளினால் இறுகும். நான் நின்றுகொண்டு இதைச் சரியாகவே கணக்குப் போட்டேன். “இடது காது” என்று மனதில் பதித்துக்கொண்டு, மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டேன். மல்லாந்து படுத்ததும் இடமும் வலமும் மாறிவிடுகிறது. நின்றபோது இடது என்று சொன்ன பக்கம் இப்போது வலக்கைப் பக்கம் இருக்கிறது. நானோ என் இடக்கைப் பக்கத்துக் காதில் கம்பியை வைத்து, வெளியே நின்ற மகளைத் தட்டச் சொன்னேன். ஏற்கெனவே இறுகிய நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தோம்.

அடி விழுந்த ஓசை கனமாக, மந்தமாக இருந்தது. ஒரு பொடிகூட உதிரவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. உடனே ஒரு மார்க்கரை எடுத்து, நட்டின் அடிமுகத்திலேயே கழலும் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டேன். எப்படிப் படுத்தாலும், எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அம்பு பொய் சொல்லாது. வேலையின் முதல் நிமிடத்தில் செய்திருக்க வேண்டியது அது.

சரியான காதில் கம்பியை வைத்தோம். இரண்டாவது தொட்டிக்கும் நட்டுக்கும் நடுவில் இருந்த 4 செ.மீ. இடைவெளி கம்பிக்குப் போதுமானதாக இருந்தது. நாலைந்து அடி விழுந்ததும் நட் நகர்ந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“அப்பா, மேலே ஸ்ட்ரெய்னரும் சேர்ந்து சுத்துதுப்பா” என்றாள் மகள்.

காய்ந்த பட்டி விட்டுக்கொடுத்துவிட்டது. நட், கேஸ்கெட், ஸ்ட்ரெய்னர் மூன்றும் ஒன்றாகச் சுழன்றன. மரை ஒரு இம்மிகூட அசையவில்லை. இது நடக்கும் என்று முன்பே எதிர்பார்த்து, மேலே பிடிக்க ஆளும் கருவியும் தயாராக வைத்திருக்க வேண்டும். நட் திரும்புகிறதா, மொத்தமாகச் சுழல்கிறதா என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. ஸ்ட்ரெய்னர் விளிம்பிலும் சிங்க்கிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால் மேலே இருப்பவர் கோடு விலகுகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். நாங்கள் அதற்குப் பிறகு போட்டோம்.

ஸ்ட்ரெய்னரின் அடியில் சிலுவை போல ஒரு குறுக்குத்தகடு இருக்கிறது, அதைச் சுற்றி நான்கு துளைகள். ஒரு பெரிய குறட்டைத் தலைகீழாகப் பிடித்து, அதன் இரண்டு கைப்பிடிகளையும் எதிரெதிர்த் துளைகளில் மேலிருந்து இறக்கினோம். மேலே நின்ற குறட்டின் இரு தாடைகளுக்கும் நடுவே நீளமான திருப்புளியைக் குறுக்கே செருகினால் அது நெம்புகோல் ஆகிவிடும். மகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் கம்பி நட்டைத் தள்ளும் திசைக்கு எதிராக அவள் பிடிக்க வேண்டும், அதாவது மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். வலுவாகவே பிடித்தாள், ஸ்ட்ரெய்னர் நகரவில்லை. இப்போது வெளியே தட்டவும் நான்தான், கம்பி முனையைப் பார்க்கவும் நான்தான். பக்கவாட்டில் படுத்துக்கொண்டு தட்டினேன். ஏழாவது அடியில் காது முறிந்தது. நட் அல்ல, காது. சாம்பல் நிறத்தில் மணல்மணலாக ஒரு முறிமுகம். வார்ப்புத் துத்தநாகம் வளையாது, முறியும். அடுத்த காது கம்பிக்கு நேராக வரவில்லை. சாய்வாகத்தான் வைக்க முடிந்தது, ஒவ்வொரு அடிக்கும் கம்பி வழுக்கிச் சிங்க்கின் அடித்தகட்டை நோக்கிப் போனது. சிங்க்கில் ஒரு பள்ளம் விழுந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. அன்றைக்கு அத்தோடு நிறுத்தினேன்.

இரவு ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. தலைகீழாக இருக்கும் மரைக்குள் எண்ணெய் போகாது, தெளித்ததெல்லாம் கீழேயே சொட்டிவிடும். மேலே இருந்து மரைக்குள் வரும் வழியைக் கேஸ்கெட் அடைத்திருக்கிறது. அதனால் பருத்தித் துணியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து எண்ணெயில் தோய்த்து, நட்டின் கீழ் விளிம்பை ஒட்டிச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினேன். துணியிலிருந்து எண்ணெய் மெல்ல மேலேறும் என்ற நம்பிக்கை. காலையில் கழற்றியபோது கடைசி இரண்டு மரைவரி கறுத்து நனைந்திருந்தது. அதற்கு மேல் போனதாகத் தெரியவில்லை.

காலையில் இன்னொரு தவறு செய்தேன். சூடாக்கினால் நட் விரியும் என்று, கொதிக்கும் நீரைச் சிங்க்கில் ஊற்றினேன், கீழே வாளி வைத்துக்கொண்டு. சூடு முதலில் போய்ச் சேர்வது உள்ளே இருக்கும் ஸ்ட்ரெய்னருக்கு. அது விரிந்து நட்டை இன்னும் அழுத்தும். துத்தநாகம் எஃகைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக விரியக்கூடியது என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சாதகம் கிடைக்க வேண்டுமானால் சூடு நட்டின் வெளிப்பக்கத்திலிருந்து வர வேண்டும். பிறகு சரியாகச் செய்தேன்: ஸ்ட்ரெய்னருக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டுவிட்டு, கீழே முடி உலர்த்தியை நட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் காட்டினேன். முந்தைய நாள் விட்ட எண்ணெயை முதலில் நன்றாகத் துடைத்துவிட்டேன். எரியும் சுடரை அங்கே கொண்டுபோகவே கூடாது. எண்ணெய், ரப்பர், மர அலமாரி எல்லாம் முகத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. சூட்டோடு இரண்டு காதுகளில் தட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பொடி கொஞ்சம் உதிர்ந்தது. மேலே போட்ட கோடு விலகவில்லை, நட்டும் திரும்பவில்லை.

அப்போதுதான் ஒன்றை யோசித்தேன். ஸ்ட்ரெய்னர் எப்படியும் குப்பைக்குப் போகிறது, புதியது தன் சொந்த நட்டோடு பெட்டியில் இருக்கிறது. நான் காப்பாற்ற வேண்டியது சிங்க்கை மட்டும்தான். அப்படியிருக்க இந்த நட்டின் மரையை ஏன் இவ்வளவு மதிக்க வேண்டும்? அறுத்துவிடலாம்.

எங்கே, எந்தத் திசையில் அறுப்பது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நட்டின் வளையத்தைக் குறுக்கே வெட்டுவதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் அப்படி அறுத்தால் பிளேடின் ஒரு முனை சிங்க்கில் முட்டும், மறுமுனை ஸ்ட்ரெய்னரின் குடுவையில் முட்டும். இழுக்க இடமே இருக்காது. பதிலாக நட்டின் வலப்பக்கத்தில், பிளேடைப் பல் மேலே பார்க்க, முன்னும் பின்னுமாக நீளவாக்கில் வைத்தேன். வட்டத்தின் ஓரத்தை ஒரு துண்டு சீவி எடுப்பது போல. இந்தத் திசையில் பிளேடு முன்னால் என்னை நோக்கி வரலாம், பின்னால் 9 செ.மீ. வரை போகலாம். இரு காதுகளுக்கு நடுவில் உள்ள இடம்தான் வசதி.

அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹேக்சா பிளேடை, சட்டம் இல்லாமல், பாதியாக உடைத்துக்கொண்டேன். உடைக்கும்போது துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், முனை தெறிக்கும். பிடிக்கும் பக்கத்தில் தடிமனாகத் துணியும் டேப்பும் சுற்றினேன். பற்களின் சாய்வு என்னை நோக்கி இருக்கும்படி வைத்தேன், அதாவது இழுக்கும்போது வெட்ட வேண்டும். சட்டமில்லாத பிளேடைத் தள்ளினால் மடங்கிவிடும், இழுத்தால் நேராக நிற்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் முகம் நேராக அறுவைக்குக் கீழே இருக்கிறது. சிங்க்கின் அடித்தகட்டுக்கும் பிளேடுக்கும் நடுவே பழைய பிஸ்கட் டின்னின் மூடியை வெட்டி மடித்து டேப் போட்டு ஒட்டினேன்.

துத்தநாகம் மென்மையானது, ஆனால் பல்லுக்கு நடுவில் ஒட்டிக்கொள்ளும். நாலு இழுப்புக்கே பிளேடு வழுக்கத் தொடங்கியது. மெழுகுவத்தியைப் பல்லில் தேய்த்துக்கொண்டு, இருபது இழுப்புக்கு ஒருமுறை கம்பித் தூரிகையால் பல்லைச் சுத்தம் செய்தபோது வேலை நகர்ந்தது. அறுபட்ட இடம் வெள்ளி போல மின்னியது. நட்டின் உயரம் 12 மி.மீ., வளையத்தின் கனம் சுமார் 8 மி.மீ. மரையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிக் கோடு பிடித்து மேல்நோக்கி அறுத்தேன். மேலே கேஸ்கெட்டைத் தொட 1 மி.மீ. இருக்கும்போது நிறுத்தினேன். ஐம்பது நிமிடம் பிடித்தது. நடுவில் மூன்று முறை கையை நீட்டி மடக்க வெளியே வந்தேன். அறுத்த வெட்டுக்குள் திருப்புளியை விட்டுத் திருகியதும், சீவிய துண்டு தனியாக முறிந்து வாளியில் விழுந்தது.

இப்போது அந்த இடத்தில் நட்டின் சுவர் நகத்தைவிடச் சற்றுத் தடிமன்தான். தட்டைத் திருப்புளியின் முனையை, கீழிருந்து, அந்த மெல்லிய சுவருக்கும் ஸ்ட்ரெய்னர் மரைக்கும் நடுவே உள்ள கோட்டில் நிறுத்தினேன். செங்குத்தாகக் கீழிருந்து மேலே தட்டுவதற்குத்தான் இந்த அலமாரியில் நிறைய இடம் இருக்கிறது, நான் அதுவரை அதைப் பயன்படுத்தவே இல்லை. சின்னச் சுத்தியலால் மெதுவாக மூன்று தட்டு. திருப்புளி ஆப்பு போல ஏறியது. நாலாவது தட்டில் “டிக்” என்று காய்ந்த குச்சி ஒடிவது போல ஓசை. சுவரில் மயிரிழை போல ஒரு பிளவு, கீழிருந்து மேல் வரை. அதன் வழியாக வெள்ளைப் பொடி என் கன்னத்தில் விழுந்தது.

பிளந்த நட் மரையை இறுக்கிப் பிடிக்காது. கம்பியைப் பழைய இடத்தில் வைத்து இரண்டு தட்டுத் தட்டியதும், அம்பு காட்டிய திசையில் மெல்லத் திரும்பியது. “இப்ப நட்டு மட்டும்தான்பா சுத்துது, கோடு அப்படியே இருக்கு” என்று மேலிருந்து குரல் வந்தது. மீதியைக் கையாலேயே சுற்றி எடுத்தேன்.

நட்டைப் புரட்டிப் பார்த்தால் கதை முழுவதும் அதில் இருந்தது. உள்மரையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் படிவம் மரைவரிகளை மூடி நின்றது, எதிர்ப்பக்கம் உலோகம் சுத்தமாகத் தெரிந்தது. கசிவு ஒரு பக்கமாகவே வெகுகாலம் இறங்கியிருக்கிறது. கேஸ்கெட்டிலும் அதே பக்கம் ஒரு மடிப்பு. கேஸ்கெட்டுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய காகித வாஷரைக் காணோம். அது இல்லாமல் இறுக்கினால் நட் ரப்பரைப் பிடித்து முறுக்கிவிடும், மடிப்பு விழுவது அதனால்தான். இரு தொல்லைக்கும், கசிவுக்கும் இறுகலுக்கும், மூலம் அந்த ஒரு வாஷர்.

பொருத்தியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பட்டியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன், எஃகு முனை சிங்க்கில் கீறல் போடும். எண்ணெய் பட்ட அடித்தகட்டை ஸ்பிரிட் தோய்த்த துணியால் இரண்டு முறை துடைத்தேன், பிசுக்கு இருந்தால் எதுவும் சரியாக உட்காராது. துளையின் விளிம்பு நெளியவில்லை என்று விரலால் தடவிப் பார்த்தேன். பென்சில் கனத்தில் பட்டியை உருட்டி விளிம்புக்கு அடியில் சுற்றி, ஸ்ட்ரெய்னரை அழுத்தி இறக்கினேன். கீழே முதலில் ரப்பர், பிறகு காகித வாஷர், பிறகு நட். மரையில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சு. கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, கம்பியால் கால் சுற்று மட்டும். மேலே பட்டி ஒரே சீராகப் பிதுங்கி வந்ததும் நிறுத்தினேன். சிங்க்கில் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டு டிஷ்யூவால் ஒற்றினேன். காய்ந்தே இருந்தது.

அடுத்த முறை வெள்ளைப் படிவத்தைப் பார்த்தால், அம்பும் கோடும் போட்டு, மேலே குறடு பிடிக்க ஆள் நிறுத்தி, கம்பியால் பதினைந்து நிமிடம் மட்டும் தட்டிப் பார்ப்பேன். வரவில்லையென்றால் எண்ணெயும் வேண்டாம், சூடும் வேண்டாம், நேராக அறுவைதான். சிறு அதிர்வு அறுப்பான் வைத்திருப்பவர்களுக்கு உலோகப் பிளேடு போட்டால் ஐம்பது நிமிடம் வெகுவாகக் குறையும், ஆனால் சிங்க்கைக் காக்கும் தகடு அப்போது இன்னும் அவசியம்.

அந்தக் கம்பியை அலமாரியின் உள்பக்கச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டிவிட்டேன். பக்கத்திலேயே, நட் கழலும் திசைக்கு மார்க்கரால் ஒரு அம்பு.